நாலு ரவிக்கை என்று நினைத்தால் இரண்டுதான் முடிகிறது

கேள்வி: வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுக்கிறேன். ஒன்றுக்கு ஒன்றே முக்கால் மணி, ஏழு மணி நேரத்தில் நாலு என்று காலையில் கணக்குப் போடுகிறேன். இரவில் பார்த்தால் இரண்டுதான் முடிந்திருக்கிறது. முடிந்ததை டிக் அடித்து, மீதியை மறுநாளுக்குத் தள்ளுகிறேன். தீபாவளி நெருங்குகிறது. எங்கே தவறுகிறேன்?
- ஒரு வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: சகோதரி, டிக் அடித்தால் எது முடிந்தது என்று தெரியும், எவ்வளவு நேரம் பிடித்தது என்று தெரியாது. வேலையைத் தொடுவதற்கு முன்பே உங்கள் மதிப்பீட்டை நோட்டில் எழுதிவிடுங்கள். இரவில் யோசித்து எழுதினால், நடந்ததற்கு ஏற்ப மனசு அதை மாற்றிவிடும். தொடங்கும்போதும் நிறுத்தும்போதும் கடிகாரத்தைப் பார்த்துப் பக்கத்தில் குறியுங்கள். இரவில் இரண்டையும் ஒப்பிட ஐந்து நிமிஷம் போதும்.

ரவிக்கையை ஒரே வேலையாக எழுதாமல் மூன்றாகப் பிரியுங்கள். உதாரணத்துக்கு, வெட்ட 30 நிமிஷம் போட்டிருந்தால் 35 ஆகியிருக்கலாம். மெஷின் தையல் 60 போட்டது 70. கொக்கி, ஓரம் மடிப்பு என்று கைவேலைக்கு 15 போட்டது 45 ஆகியிருக்கும். மொத்தம் 105 என்று நினைத்தது 150. கூடிப்போன நேரத்தில் பாதிக்கு மேல் கைவேலையால் வந்ததுதான். கடைசியில் வரும் சில்லறை வேலை என்பதால் அதை மனசு கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

அளவு பார்க்க வருகிறவர்கள், ஃபோன், மின்வெட்டு எல்லாவற்றையும் தனி வரியில் எழுதுங்கள். இவை ஒரு மணி நேரம் தின்றால் தைக்க மிஞ்சுவது ஆறு மணி, அதாவது 360 நிமிஷம். அதை 150ஆல் வகுத்தால் இரண்டு ரவிக்கையும் கொஞ்சமும் வருகிறது. நீங்கள் மெதுவாகத் தைக்கவில்லை, கணக்குத்தான் குறைவாகப் போட்டீர்கள்.

ஒரு வாரம் எழுதியபின், ஒவ்வொரு வகை வேலைக்கும் ஆன நேரத்தை மதிப்பிட்ட நேரத்தால் வகுத்து, வரும் எண்களைச் சிறியதிலிருந்து பெரியதுவரை வரிசையாக வையுங்கள். நடுவில் வரும் எண்தான் உங்கள் பெருக்கல் எண். கைவேலைக்கு அது மூன்று என்றால், நாளை உங்களுக்குத் தோன்றும் 15 நிமிஷத்தை 45 என்றே எழுதுங்கள்.

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். ‘இன்றைக்கு விருந்தாளி வந்துவிட்டார்கள், அதனால் இந்த நாள் சேராது’ என்று தள்ளிவிடுவார்கள். உளவியல் ஆய்வாளர் ரோஜர் பியூலரும் அவருடைய சகாக்களும் கனடாவில் மாணவர்களை ஆராய்ந்து 1994இல் முடிவை வெளியிட்டார்கள். ஆய்வேட்டை முடிக்க மாணவர்கள் சொன்னது சராசரியாகச் சுமார் 34 நாள், பிடித்தது சுமார் 55. பழைய தாமதத்துக்கெல்லாம் ஆளுக்கொரு தனிக் காரணம் வைத்திருந்தார்கள். அதனால் மோசமான நாளையும் கணக்கில் சேருங்கள்; நடு எண்ணை எடுப்பதால் ஒரே ஒரு நாள் அதைக் குலைத்துவிடாது.

இதுவரை தைக்காத மாடலுக்கு இந்த எண் உதவாது. அதற்கு முதல் துணியை முடித்துப் பார்க்காமல் தேதி சொல்லாதீர்கள். அப்புறம், இந்த வாரம் புது ஆர்டர் வாங்கும்போது நாளுக்கு இரண்டு என்று வைத்தே தேதி கொடுங்கள்.