பீம் சேரும் இடத்தில் ரிங் இடைவெளியை ஏன் கூட்ட முடியாது?

"சார், ஸ்டில்ட் மேல் மூன்று மாடி வேலை. முதல் தளத்தில் பில்லரும் பீமும் சேரும் இடத்தில் 75 மி.மீ.க்கு ஒரு ரிங் என்று உங்கள் டிராயிங் சொல்கிறது. பீம் கம்பியை நுழைக்கவே இடமில்லை, ஜல்லியும் இறங்காது. பில்லர் நடுவில் இருப்பது போல இங்கேயும் 150 வைத்துக்கொள்ளலாமா? கோடிலேயே 150 வரை விடலாம் என்கிறார்கள்."

அன்புள்ள ஐயா,

முடியாது. 75தான். ஏன் என்பதையும், கம்பியை எப்படி நுழைப்பது என்பதையும் சொல்கிறேன். இரண்டாவதுதான் உங்களுக்கு உடனடியாகத் தேவை, ஆனாலும் முதலாவதைப் படித்துவிடுங்கள்.

கோடில் 150 இருப்பது உண்மைதான். நிலநடுக்கத்தைத் தாங்கும் கட்டடங்களுக்கான ஐ.எஸ். 13920 அந்தச் சலுகையை நான்கு பக்கமும் பீம் வந்து சேரும் பில்லருக்கு மட்டும் தருகிறது. ஒவ்வொரு பீமின் அகலமும் அது சேரும் பில்லர் முகத்தில் முக்கால் பங்காவது இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. உங்கள் பில்லர் 300க்கு 450. பீம் அகலம் 230. 300 முகத்துக்கு முக்கால் பங்கு 225, அங்கே தப்பித்துவிடுகிறீர்கள். 450 முகத்துக்கு 338 வேண்டும், அங்கே தேறாது. அதனால் நடுவில் நிற்கும் பில்லருக்கே இந்தச் சலுகை கிடையாது. நீங்கள் கேட்பதோ ஓரத்துப் பில்லர், மூன்று பக்கம்தான் பீம். மற்றபடி இடைவெளி பில்லரின் சிறிய பக்கத்தில் கால் பங்கு, நெடுங்கம்பி விட்டத்தில் ஆறு மடங்கு, 100 மி.மீ. ஆகிய மூன்றில் எது குறைவோ அது. 300இல் கால் பங்கு 75, 16 மி.மீ. கம்பிக்கு ஆறு மடங்கு 96. ஆகவே 75.

"சுற்றிலும் பீம் இருக்கிறதே, பில்லர் கம்பி எங்கே போகும்?" என்று உங்கள் கம்பி மேஸ்திரி கேட்டாராம். நிலம் ஆடும்போது பீமின் மேல் கம்பி இழுக்கும், கீழ்ப்பக்கம் அழுத்தும். மறு நொடி இரண்டும் மாறும். உங்கள் பீமில் மேலே மூன்று 20 மி.மீ. கம்பி. அவை முழு பலத்தில் இழுத்தால் ஏறக்குறைய 48 டன். அந்த இழுப்பு முழுவதும் பீமும் பில்லரும் சேரும் 450 மி.மீ. உயரமுள்ள அந்தச் சின்னக் கட்டைக்குள்தான் திரும்ப வேண்டும். சதுரமான டப்பாவை இரு மூலைகளில் பிடித்து நசுக்குவது போல ஒரு மூலைவாட்டில் கான்கிரீட் நசுங்கும், எதிர் மூலைவாட்டில் கிழியும். ஆட்டம் திரும்பும்போது கிழிசல் எக்ஸ் வடிவமாகும். பீம் இல்லாத வெளிமுகத்தில் கவர் உதிர்ந்துவிட்டால் நெடுங்கம்பி வெளியே வளைவதைத் தடுக்க ரிங்கைத் தவிர எதுவும் இல்லை.

75இல் அந்த 450க்குள் ஆறு ரிங் வரும், 150இல் மூன்றுதான். மிச்சமாவது மூன்று ரிங்கும் அவற்றின் குறுக்குக் கம்பிகளும், ஏறக்குறைய இரண்டு கிலோ. சென்னை 2002லிருந்து மூன்றாம் நிலநடுக்க மண்டலம். கீழே கார் நிறுத்த சுவரில்லாமல் விட்டிருக்கும் உங்கள் கட்டடத்தில் நான் கடைசியாகக் குறைக்க நினைக்கும் இரண்டு கிலோ இதுதான்.

சரி, நுழைப்பது எப்படி? பீம் கூட்டை முழுதாகக் கட்டி சென்ட்ரிங்குக்குள் இறக்கிவிட்டு ரிங்கைத் தேடினால் யாராலும் போட முடியாது. பழைய கட்டடம் ஒன்றில் பூச்சை உடைத்துப் பார்த்தபோது சந்திப்பில் ஒரு ரிங்கூட இல்லை. போடாமல் விட்டதற்கு இந்த வரிசைதான் காரணமாக இருந்திருக்கும். பீம் கம்பிகளைத் தளத்துக்கு மேலே கட்டைகளில் தாங்கி வையுங்கள். பில்லர் கம்பியின் தலை வழியாக முதலில் அடி ரிங்கை இறக்குங்கள், அதற்குமேல் பீமின் அடிக்கம்பி, பிறகு நடு ரிங்குகள், பிறகு மேல் கம்பி, கடைசி ரிங். ரிங்குகளை நான்கு மெல்லிய செங்குத்துக் கம்பிகளில் 75க்கு ஒன்றாகக் கட்டிக்கொண்டால், பீம் கூட்டோடு சேர்ந்தே இறங்கும், இடைவெளியும் நழுவாது. பக்கப் பலகைகளில் ஒன்றை அதுவரை அடிக்க வேண்டாம்.

ஜல்லி விஷயத்தில் நீங்கள் பயப்படும் நெருக்கடி ரிங்கால் வருவது அல்ல. 8 மி.மீ. ரிங் போக 67 மி.மீ. இடைவெளி இருக்கிறது, 20 மி.மீ. ஜல்லி தாராளமாகப் போகும். நெருக்கடி மேலே, இரு திசைப் பீம் கம்பிகளும் குறுக்கிடும் இடத்தில்தான். அங்கே மட்டும் 12 மி.மீ. ஜல்லிக் கலவையும் 25 மி.மீ. ஊசி வைப்ரேட்டரும் வைத்துக்கொள்ளுங்கள். கலவையில் கூடுதல் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

இரண்டு 'எல்' துண்டுகளைச் சேர்த்துக் கட்டி ரிங் என்று காட்டினால் ஏற்க மாட்டேன். கொக்கி 135 டிகிரி உள்ளே மடங்கி, நுனி குறைந்தது 65 மி.மீ. நீள வேண்டும். 90 டிகிரி கொக்கி, கவர் உதிர்ந்ததும் விரிந்துவிடும்.

பக்கப் பலகையை மூடுவதற்கு முன் ஒவ்வொரு சந்திப்பிலும் டேப் வைத்துப் படமெடுத்து அனுப்புங்கள். ஆறு ரிங்கும் தெரிய வேண்டும். அதைப் பார்த்து நான் சொன்ன பிறகு கான்கிரீட் வண்டிக்குச் சொல்லுங்கள்.