ட்ராக் ஓட்டத்துக்கு டயர் காற்று: சூட்டில் பார்க்க வேண்டிய எண்

கேள்வி: மதுரையிலிருந்து கோவை கரி ரேஸ் ட்ராக்குக்கு என் ஹேட்ச்பேக்கை முதல்முறை கொண்டுபோகிறேன். 195/55 R16, சாதாரண ரோடு டயர்தான். காற்று எவ்வளவு வைப்பது? டயர் தேய்மானத்தை எப்படிக் கணக்கு வைப்பது?

கதவுத் தூண் ஸ்டிக்கரில் 33 பி.எஸ்.ஐ. போட்டிருக்கிற முன்சக்கர இழுவை வண்டி என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். காலையில் டயர் ஆறியிருக்கும்போது நான்கிலும் 30 வைத்துத் தொடங்குங்கள். ஓடிவிட்டு உள்ளே வந்ததும் முன் டயர் 36, பின் டயர் 34 அல்லது 35 காட்ட வேண்டும். நீங்கள் பிடிக்க வேண்டிய எண் அந்த 36தான். 30 என்பது அதை எட்டுவதற்கான முதல் ஊகம் மட்டுமே. ரேஸுக்கென்றே வரும் மென்மையான டயருக்கு இந்த எண்கள் பொருந்தாது. அதற்கு டயர் கம்பெனி சொல்கிற சூட்டு அழுத்தத்தைத்தான் பிடிக்க வேண்டும்.

உள்ளே இருக்கிற காற்று 6 டிகிரிக்குச் சற்று மேல் சூடேறினால் அழுத்தம் சுமார் 1 பி.எஸ்.ஐ. கூடும். ட்ராக்கில் பிரேக்கும் வளைவுமாக 15 நிமிடம் ஓட்டினால் காற்று 40, 50 டிகிரி ஏறிவிடும். 6 முதல் 8 பி.எஸ்.ஐ. அப்படித்தான் கூடுகிறது. நைட்ரஜன் நிரப்பினாலும் இதே கணக்குதான். ஈரப்பதம் இல்லாததால் ஏற்றம் கொஞ்சம் சீராக இருக்கும், அவ்வளவே.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். காலை 7 மணி, வெயில் ஏறவில்லை, 24 டிகிரி. நான்கிலும் 30. முதல் செஷன் முடிந்து வந்ததும் முன் இடது 38.5, முன் வலது 37, பின் இரண்டும் 34 என்று காட்டுகிறது. வலது வளைவு அதிகமுள்ள ஓட்டத்தில் பாரம் இடப்பக்கம் விழுவதால் அந்த டயர்தான் கூடுதலாகச் சூடேறும். பின்பக்கம் சரியாக இருக்கிறது, தொட வேண்டாம். முன் இரண்டிலும் காற்றை இறக்கி 36க்குக் கொண்டுவாருங்கள். இந்த இரண்டு டயரும் மறுபடி 24 டிகிரிக்கு ஆறினால் இடது 28, வலது 29 காட்டும். அடுத்த முறை காலையில் அந்த எண்களில் தொடங்கலாம்.

பலரும் சறுக்குவது இதற்கு அடுத்த இடத்தில். மதியம் 35 டிகிரி வெயிலில் ஆறிய டயரை அளந்தால் அதே இடது டயர் 29.5 காட்டும். காற்று கூடவில்லை, வெயில்தான் கூடியிருக்கிறது. ‘28தானே வைத்தோம்’ என்று இறக்கிவிட்டால் அடுத்த செஷனில் சூட்டு அழுத்தம் குறைந்து டயரின் ஓரப்பகுதியான தோள் மடங்கும். அதனால் நோட்டில் அழுத்தத்துக்குப் பக்கத்திலேயே நேரத்தையும் அன்றைய வெப்பத்தையும் எழுதுங்கள். வெப்பம் எழுதாத ‘28’ மறுமுறைக்கு உதவாது. வண்டியின் ஒரு பக்கம் மட்டும் வெயிலில் நின்றாலும் அந்தப் பக்கம் 1, 2 பி.எஸ்.ஐ. அதிகம் காட்டும். நிழலில் நிறுத்தித்தான் அளக்க வேண்டும்.

சூட்டு அளவை, பிட்டுக்குள் வந்து நின்ற 2 நிமிடத்துக்குள் எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு முறையும் அதே வரிசை: முதலில் முன் இடது, பிறகு முன் வலது, பின் வலது, பின் இடது. கேஜ் உங்களுடையதாக இருக்கட்டும், எப்போதும் அந்த ஒன்றாகவே இருக்கட்டும். பங்க் கேஜுக்கும் உங்கள் கேஜுக்கும் 2, 3 வித்தியாசம் வருவது சாதாரணம். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தால் நோட்டில் உள்ள எண்ணுக்கு அர்த்தமே இருக்காது.

மதுரையிலிருந்து திண்டுக்கல், பழனி, பொள்ளாச்சி வழியாகப் போனால் 200 கி.மீ.க்கு மேல். அந்தப் பயணத்துக்கு ஸ்டிக்கர் அழுத்தம் 33தான் இருக்க வேண்டும். ட்ராக்குக்குப் போய்ச் சேர்ந்த உடனே காற்றை இறக்காதீர்கள், டயர் சூடாக இருக்கும். முந்தின நாளே போய், மறுநாள் காலையில் வண்டியை நகர்த்துவதற்கு முன் 30 ஆக்குவதுதான் சரியான முறை. திரும்பும்போதும் இதேபோல. செஷனில் இறக்கிய முன் டயர் ஆறினால் 28, 29 தான் இருக்கும். அதோடு நான்கு பேரும் சாமானும் ஏற்றி நெடுஞ்சாலையில் வந்தால் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறி வெடிக்கக்கூடும். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் மாட்டுகிற 12 வோல்ட் காற்று பம்பு ஒன்று டிக்கியில் இருந்தால், டயர் ஆறியதும் 33க்கு ஏற்றிவிட்டுக் கிளம்பலாம்.

கொடைக்கானல் மலைப்பாதையில் கொஞ்சம் விரட்டி ஓட்டுவதற்கு இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். பொது ரோட்டில் டயர் அந்த அளவு சூடேறாது, ஏறவும் கூடாது. ஸ்டிக்கரில் உள்ளதை வைத்து ஓட்டுங்கள். மேலே குளிருக்கு அழுத்தம் இறங்கியிருக்குமோ என்ற கவலையும் வேண்டாம். மதுரையில் 36 டிகிரியில் 33 வைத்த டயர், கொடைக்கானலில் 12 டிகிரி விடியலில் ஏறக்குறைய அதே 32, 33 காட்டும். குளிரால் குறைகிற 4 பி.எஸ்.ஐ.யில் பெரும்பகுதியை, 2,100 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவாக இருப்பது ஈடுகட்டிவிடுகிறது.

இனி தேய்மானம். ரோட்டில் படுகிற டயர் பட்டனின் ஆழம் அளக்கிற கேஜ் ஒன்று வாங்குங்கள், சின்ன சாமான்தான். ஒவ்வொரு டயரிலும் வெளித்தோள், நடு, உள்தோள் மூன்றையும் அளந்து எழுதுங்கள். எப்போதும் வால்வுக்கு நேரே உள்ள இடத்தில், அதே பள்ளத்தில் அளக்க வேண்டும். பள்ளத்துக்குள் குறுக்கே நிற்கிற தேய்மானக் கட்டை மீது ஊசி வைக்காதீர்கள். சின்னக் கல்லும் ஒட்டிய ரப்பர்த் துகளும் இருந்தால் முதலில் நோண்டி எடுத்துவிடுங்கள்.

முன் இடது டயர் காலையில் வெளித்தோள் 6.8, நடு 7.0, உள்தோள் 7.0 மி.மீ. என்று வையுங்கள். 4 செஷனுக்குப் பிறகு 5.9, 6.6, 6.7. தோள் 0.9 போயிருக்கிறது, நடு 0.4, உள் 0.3. காரணம் காற்றுக் குறைவா, சக்கரத்தின் சாய்வான கேம்பரா என்று பிரிக்க, பக்கச்சுவரிலிருந்து பட்டன் வரை சாக்பீஸால் ஒரு கோடு போட்டு ஒரு செஷன் ஓட்டுங்கள். தோளோரம் ஒரு சின்ன முக்கோணக் குறி அச்சிட்டிருக்கும். கோடு அந்த முக்கோணத்தையும் தாண்டி அழிந்திருந்தால் டயர் மடங்குகிறது, சூட்டு அழுத்தத்தை 1 அல்லது 2 ஏற்றுங்கள். முக்கோணம் வரையே அழிந்திருந்தும் தோள் மட்டும் தேய்கிறதென்றால் காற்றால் அதைச் சரிசெய்ய முடியாது. முன் சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே போதுமான அளவு சாயவில்லை என்று அர்த்தம், அலைன்மென்ட் கடையில் கேம்பரைப் பார்க்கச் சொல்லுங்கள். நடுப்பகுதி முதலில் தேய்ந்தால் சூட்டு அழுத்தம் அதிகம். பட்டனைக் கையால் தடவும்போது ஒரு திசையில் வழுக்கி, எதிர்த்திசையில் ரம்பம்போல் பிடித்தால் டோ கோளாறு, அதாவது சக்கரம் நேராக நிற்காமல் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கிறது.

4 செஷனுக்கு 0.9 மி.மீ. என்ற வேகத்தில், 5.9 உள்ள தோள் 3 மி.மீ. ஆக இன்னும் 12, 13 செஷன் ஆகும். சட்டப்படி எல்லை 1.6தான். ஆனாலும் இதே டயரில்தான் ஐப்பசி மழையிலும் ஊருக்குள் ஓட்டப்போகிறீர்கள் என்றால், தோள் 3 மி.மீ.க்கு வந்ததும் நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு முன்பே பாதியில் முன் டயரைப் பின்னுக்கு மாற்றினால் நான்கும் ஒன்றாகத் தேயும். சுழலும் திசைக்கு அம்புக்குறி போட்ட டயரானால் இடப்பக்கத்தது இடப்பக்கமே இருக்கட்டும்.