கறுப்புக்கண்ணாடியும் தொப்பியும் போட்ட படத்திலிருந்து முகத்தை வரைவது

கேள்வி: காலமான எங்கள் அப்பாவைப் பென்சிலில் வரைந்து தரும்படி அம்மா கேட்கிறார். தெளிவான படம் ஒன்றுதான் இருக்கிறது. இரணைமடுக் குளக்கட்டில் எடுத்தது, லேசாகத் திரும்பிச் சிரிக்கிறார், ஆனால் கறுப்புக்கண்ணாடியும் தொப்பியும் போட்டிருக்கிறார். அவற்றை எடுத்துவிட்டு வரைய முடியுமா?

பதில்:

முடியும், கண்ணுக்கு இன்னொரு படம் கிடைத்தால். கிளிநொச்சியில் அந்தியேட்டிக்குப் படம் வரைந்து கொடுப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: மற்ற எல்லாம் சரியாக இருந்து கண் மட்டும் கற்பனையாக இருந்தால், வீட்டார் ஒரே பார்வையில் "இது அவரில்லை" என்றுவிடுவார்கள்.

முதலில் அடையாள அட்டையைத் தேடுங்கள். இடம்பெயர்வில் ஆல்பமெல்லாம் போன வீடுகளிலும் அது பெரும்பாலும் தப்பியிருக்கிறது, ஏனென்றால் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் எல்லோரும் நடந்தார்கள். படம் சிறியதுதான், ஆனால் முகம் நேராக, கண் திறந்து இருக்கும். பிளாஷ் போடாமல், வாசலோர வெளிச்சத்தில் அட்டையைச் சற்றுச் சரித்துப் பிடித்துப் படமெடுங்கள். இல்லாவிட்டால் மேலுள்ள பிளாஸ்டிக் பளிச்சிட்டு முகத்தை மறைத்துவிடும். கனடாவில் உள்ள சொந்தக்காரரின் கலியாண ஆல்பத்திலும் அகப்படலாம். கல்வெட்டில் அச்சான படத்தை மட்டும் நம்பாதீர்கள். ஸ்டூடியோக்காரர் சுருக்கம், மச்சமெல்லாம் துடைத்திருப்பார்.

இனி அளவு. இரண்டு படத்திலும் மறையாமல் தெரிவது மூக்கடியும் நாடியும். அட்டைப் படத்தைப் பெரிதாக்கி, கண்கோட்டிலிருந்து மூக்கடி வரையும், மூக்கடியிலிருந்து நாடி வரையும் அளந்துகொள்ளுங்கள். முதலாவது 28 மில்லிமீற்றர், அடுத்தது 40 என்று வைப்போம். உங்கள் தாளில் மூக்கடியிலிருந்து நாடிக்கு 5 சென்ரிமீற்றர் வந்தால், கண்கோடு மூக்கடிக்கு 3.5 சென்ரிமீற்றர் மேலே வரும். உயரத்தை மட்டும் இப்படி மாற்றுங்கள். முகம் திரும்பியிருப்பதால் அகலம் ஒத்துவராது: அப்பால் உள்ள கண் ஒடுங்கித்தான் இருக்க வேண்டும். அவர் தலையை நிமிர்த்தியோ குனிந்தோ நின்றிருந்தாலும், வாய் திறந்து சிரித்திருந்தாலும் இந்தக் கணக்குப் பிசகும்.

கண்ணாடியும் சாட்சி சொல்லும், ஆனால் வியர்வையில் அது மூக்கில் வழுக்கியிருக்கலாம். காதிலிருந்து வரும் அதன் காலைப் பாருங்கள். முன்பக்கம் தாழ்ந்து சரிந்திருந்தால் சட்டம் இறங்கிவிட்டது, கண் வில்லையின் மேற்பகுதியில் இருக்கிறது என்று பொருள். சட்டத்துக்கு மேலே புருவம் தெரிந்தால் அதிலிருந்தும் சரிபார்க்கலாம்.

தொப்பியில் எல்லோரும் சறுக்குவது உச்சந்தலையில். தொப்பியை எடுத்ததும் புருவத்துக்குச் சற்று மேலேயே மயிரைத் தொடங்கிவிடுகிறார்கள், தலை தட்டையாகிவிடுகிறது. வளர்ந்தவர் தலையில் கண் ஏறக்குறைய நடுவில் இருக்கும். மேலே சொன்ன கணக்கில் கண்ணிலிருந்து நாடிக்கு 8.5 சென்ரிமீற்றர், ஆகவே உச்சியும் கண்ணுக்கு மேலே அதே அளவில். வழுக்கை எங்கே தொடங்குகிறது என்பதை அம்மாவிடம் கேளுங்கள், அளவுகோல் சொல்லாது. தொப்பியோடு அதன் விளிம்பு நெற்றியில் போட்ட நிழலையும் எடுக்க மறக்காதீர்கள்.

கடினமானது சிரிப்புத்தான். அடையாள அட்டையில் யாரும் சிரிப்பதில்லை. அந்தக் கண்ணை அப்படியே சிரித்த வாய்க்கு மேலே வைத்தால் முகம் இரண்டு ஆளாகத் தெரியும். குளக்கட்டுப் படத்தில் கன்னம் எழும்பிக் கண்ணாடியின் கீழ் விளிம்பைத் தொடுகிறதா என்று பாருங்கள். தொட்டால் கீழிமையைச் சற்று மேலே ஏற்றி, கருவிழியின் கீழ்ப்பகுதியை அது மூடும்படி வரையுங்கள், கடைக்கண்ணில் சுருக்கம் வையுங்கள். அட்டையில் கருமணி நடுவில் பிளாஷின் புள்ளி இருந்தால் அதை விட்டுவிடுங்கள். குளக்கட்டில் வெயில் மேலிருந்து வருவதால், மேலிமையின் நிழல் விழியில் விழ வேண்டும், ஒளிப்புள்ளியும் சற்று மேலே இருக்க வேண்டும்.

இதுவரை 2எச் பென்சிலில் மெல்லிய கோடாகவே வைத்திருங்கள். 4பி எடுக்கமுன் அம்மாவிடமும் அப்பாவின் சகோதரர் ஒருவரிடமும் தனித்தனியாகக் காட்டுங்கள். ஒன்றாகக் காட்டினால் ஒருவர் சொன்னதற்கு மற்றவர் தலையாட்டுவார்.

வேறு படமே கிடைக்காவிட்டால் நான் கறுப்புக்கண்ணாடியோடுதான் வரைவேன், தொப்பியை மட்டும் எடுப்பேன். பிள்ளைகளின் கண்ணைப் பார்த்து வரையச் சொல்வோரும் உண்டு. எனக்கு அதில் விருப்பமில்லை. கொரோனாக் காலத்து முகக்கவசப் படம் மட்டும் இருப்போருக்கு இந்த வழி தலைகீழாகப் பொருந்தும்: கண் கிடைத்துவிட்டது, மூக்கையும் வாயையும் வேறு படத்திலிருந்து எடுக்க வேண்டும். அங்கே மூக்கடியும் நாடியும் மறைந்திருப்பதால், இரு கண்ணின் உள்முனைகளுக்கு இடையிலான தூரத்தை அளவாக வையுங்கள், இரண்டு படத்திலும் முகம் ஒரே பக்கம் பார்த்தால் மட்டும்.