நாகலாபுரமா, கயத்தாறா: தவறான விடைகளை எழுதுவது பற்றிக் கேள்வி பதில்

பத்தாம் வகுப்பு வரலாற்றில், தமிழகத்தில் ஆங்கிலேயருக்கு எதிராக நடந்த தொடக்ககாலக் கிளர்ச்சிகள் பாடத்தை எடுத்துக்கொண்டு, நான்கு விடைகளில் சரியானதைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகளுக்குத் தவறான விடைகளை எப்படி எழுதுவது என்று பேசலாம் எனச் சொல்லியிருந்தேன். பல ஆண்டுகளாக நான் பாடம் நடத்துவதும் வினாத்தாள் தயாரிப்பதும் இதில்தான். வந்த கேள்விகளுக்கு வரிசையாகப் பதில் சொல்கிறேன்.

டியூஷன் ஆசிரியை, திண்டுக்கல்: சரியான விடையை உடனே எழுதிடறேன் சார். மற்ற மூணுக்கும் வாயில வந்த பேரைப் போடறேன். பிள்ளைங்க படிக்காமலே கண்டுபிடிச்சுடறாங்க.

கேள்வியை எழுதுவதற்கு முன் ஒரு கட்டம் போட்டுவிடுங்கள். இடப்பக்கம் ஆட்களின் பெயர்கள். மேலே எங்கே, எப்போது, யாரை எதிர்த்து, யார் உதவியோடு என்று தலைப்புகள். "எங்கே தூக்கிலிடப்பட்டார்" என்ற பத்தியை நிரப்பினால் இப்படி வரும்: கட்டபொம்மன் கயத்தாறு, அவருடைய அமைச்சர் சிவசுப்பிரமணியனார் நாகலாபுரம், மருது சகோதரர்கள் திருப்பத்தூர், தீரன் சின்னமலை சங்ககிரி. கட்டபொம்மனைப் பற்றிய கேள்விக்கு மூன்று தவறான விடைகளும் அதே பத்தியிலேயே தயாராக இருக்கின்றன.

பாஞ்சாலங்குறிச்சி, சென்னை, மதுரை என்று போட்டால் பாடத்தை மேலோட்டமாகப் படித்தவன்கூடத் தப்பிவிடுவான். நாகலாபுரம் என்று போட்டால், 1799இல் நடந்த இரண்டு மரண தண்டனைகளையும் பிரித்துப் படித்தவன்தான் தப்புவான். உங்களுக்கும் இதில் ஒரு லாபம் உண்டு. ஒரு மாணவி நாகலாபுரத்தைத் தேர்ந்தெடுத்தால் அவள் பாடத்தைப் படித்திருக்கிறாள், அமைச்சரையும் பாளையக்காரரையும் மாற்றிக்கொண்டாள் என்று தெரிகிறது. சங்ககிரியைத் தேர்ந்தெடுத்தவளுக்கு வேறு சிக்கல். அவளுக்குக் கொங்குப் பகுதியும் நெல்லைச் சீமையும் கலந்துவிட்டன. மறுநாள் யாருக்கு எதைச் சொல்ல வேண்டும் என்பதை விடைத்தாளே காட்டிவிடும்.

ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அதே தாளில் "திருப்பத்தூர்க் கோட்டையில் 1801இல் தூக்கிலிடப்பட்ட மருது சகோதரர்கள்..." என்று வேறொரு கேள்வி தொடங்கினால், இந்தக் கேள்வியில் ஒரு விடை செத்துவிடும்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்: நீங்கள் சொல்வதேதான் என் கொள்கையும். தவறான விடைகள் எல்லாமே அதே பாடத்திலிருந்துதான் வர வேண்டும். வெளியிலிருந்து எடுப்பது மாணவனை ஏமாற்றுவது.

பெயர், இடம், ஆண்டு என்றால் நீங்கள் சொல்வது சரி ஐயா. காரணம் கேட்கும்போது அது போதாது. வேலூர்ப் புரட்சியையே பாருங்கள். 1806 ஜூலை 10 அன்று சிப்பாய்கள் எழுந்ததற்கு உடனடிக் காரணம் என்ன என்று கேட்கிறோம். மதக் குறி இடக்கூடாது, தாடியை மழிக்க வேண்டும், தோலால் ஆன சின்னம் வைத்த புதிய தலைப்பாகையை அணிய வேண்டும் என்ற உத்தரவுதான் விடை. அதே பாடத்திலிருந்து மற்ற விடைகளை எடுத்தால் பாளையக்காரர்களின் வரி பாக்கி வரும். சிப்பாய்க்கு ஏது பாளையம் என்று மாணவன் சிரித்துவிட்டுத் தள்ளிவிடுவான்.

மாணவன் மனத்தில் உண்மையிலேயே இருக்கும் குழப்பம் 1857தான். கொழுப்புத் தடவிய தோட்டா என்று ஒரு விடை வையுங்கள். விலங்குத் தோல், விலங்குக் கொழுப்பு, சிப்பாய், மத நம்பிக்கை என எல்லாம் ஒன்றுபோலவே இருப்பதால், இரண்டையும் கலந்து வைத்திருப்பவன் நேராக அங்கேதான் போவான். கடல் கடந்து பணிசெய்ய வேண்டும் என்ற 1856ஆம் ஆண்டுச் சட்டத்தை இன்னொரு விடையாக வைக்கலாம். அந்தப் பாடத்தையும் நடத்தி முடித்த பிறகு வைத்தால் அது ஏமாற்று ஆகாது.

மூன்றாவதாக, திப்புவின் மகன்களைக் கோட்டையில் வைத்திருந்ததைப் போடலாமா என்று எனக்கு இன்னும் தயக்கம்தான். புரட்சியாளர்கள் ஃபதே ஹைதரை அரசராக அறிவித்ததும், பிறகு திப்பு குடும்பத்தைக் கல்கத்தாவுக்கு அனுப்பியதும் நடந்தவை. நன்றாகப் படித்த மாணவி "இதுவும் ஒரு காரணம்தானே" என்று கேட்டால் "உடனடி" என்ற ஒரு சொல்லைத்தான் நான் காட்ட முடியும். வகுப்புத் தேர்வில் போட்டு விவாதிப்பேன், மதிப்பெண் முக்கியமான தேர்வில் போட மாட்டேன்.

குரூப் தேர்வுக்குப் படிப்பவர்: "வேலு நாச்சியாருக்கு உதவியவர் யார்?"னு கேட்டு ஹைதர் அலி, கோபால நாயக்கர், ஊமைத்துரை, யூசுப் கான்னு கொடுத்தேன். ரெண்டு விடை சரின்னு குரூப்ல ஒரே சண்டை.

சண்டை போட்டவர்கள் சொன்னது சரி தம்பி. கோபால நாயக்கர் பாதுகாப்புக் கொடுத்தார், ஹைதர் அலி படை கொடுத்தார். இரண்டுமே உதவிதான்.

விடைகளில் கை வைக்காதீர்கள், அவை நல்ல விடைகள். கேள்வியை மாற்றுங்கள். "கணவர் இறந்த பின் வேலு நாச்சியார் எட்டு ஆண்டுகள் யாருடைய பாதுகாப்பில் இருந்தார்?" என்று கேட்டால் விடை கோபால நாயக்கர் மட்டும்தான். ஹைதர் அலி இப்போது மிக வலுவான தவறான விடையாகிவிடுகிறார். "விருப்பாச்சியில்" என்று கேள்வியில் சேர்க்காதீர்கள். அந்த ஊர்ப் பெயர் கோபால நாயக்கர் பெயரோடு ஒட்டியே இருப்பதால் விடையைக் காட்டிக்கொடுக்கும்.

ஒவ்வொரு தவறான விடைக்கும் எதிரே அது ஏன் தவறு என்று நான் ஒரு வரி எழுதிவைப்பேன். யூசுப் கானுக்கு "வேலு நாச்சியார் தலைமறைவாவதற்கு முன்பே இறந்தவர்" என்று எழுதி முடிக்கலாம். எழுதும்போது "இருந்தாலும்" என்ற சொல் வந்துவிட்டால் அந்த விடையோ கேள்வியோ மாற வேண்டும். இதே காரணத்தால் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட தேதியையும் நான் கேட்பதில்லை. அக்டோபர் 16 என்று சில நூல்களிலும் 17 என்று சில நூல்களிலும் இருக்கிறது.

ஒரு அம்மா: என் மகன் பத்தாவது. இந்த மாதிரி கேள்வி நிறைய இருக்கிற கைடு எது நல்லதுன்னு சொல்லுங்க சார்.

கைடு பற்றி இங்கே பேசவில்லை அம்மா. பையனிடம் மேலே சொன்ன கட்டத்தைப் போடச் சொல்லி, அதிலிருந்து ஐந்து கேள்விகளை அவனையே எழுதச் சொல்லுங்கள். பதிலை நீங்கள் சொல்லிப் பாருங்கள். உங்களை எந்தத் தவறான விடையால் ஏமாற்றலாம் என்று யோசிக்கும்போது அவனுக்கே எது எதோடு குழம்புகிறது என்று தெரியும்.

புதிதாகச் சேர்ந்த ஆசிரியர்: ஒரே பத்தியிலிருந்து எடுத்த விடைகள்தான். ஆனாலும் பாடமே படிக்காத பையன் 20க்கு 14 வாங்குகிறான்.

கேள்வியின் தமிழ் விடையைச் சொல்லிவிடுகிறதா என்று பாருங்கள். "பானர்மேன் கட்டபொம்மனைக் ______ தூக்கிலிட்டார்" என்று எழுதி, நாகலாபுரத்தில், கயத்தாறில், சங்ககிரியில், திருப்பத்தூரில் என்று கொடுத்தால், "கட்டபொம்மனைக்" என்பதில் உள்ள க் ஒன்றே போதும். அந்த ஒற்றோடு பொருந்துவது கயத்தாறு மட்டும்தான். கோடிட்ட இடத்துக்கு முன்னால் ஒற்று வராதபடி வாக்கியத்தைத் திருப்புங்கள்: "கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட இடம் எது?"

"1801இல் தூக்கிலிடப்பட்டவர்கள் யார்?" என்று பன்மையில் கேட்டுவிட்டு, நான்கு விடைகளில் மருது சகோதரர்கள் மட்டும் பன்மையாக இருந்தாலும் இதே கதைதான். நானும் தொடக்கத்தில் இதைப் பல முறை செய்திருக்கிறேன். இப்போது பாடம் படிக்காத ஒருவரிடம், வீட்டில் யாராவது ஒருவரிடம், தாளைக் கொடுத்துப் பார்ப்பேன். நான்கு விடை உள்ள 20 கேள்விகளுக்குக் குருட்டாம்போக்கில் சராசரியாக ஐந்துதான் சரியாக வரும். அதைவிட மிக அதிகமாக அடித்தால், எதை வைத்துக் கண்டுபிடித்தீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்பேன். "இதுதான் நீளமாக இருந்தது" என்ற பதிலும் அடிக்கடி வரும்.

டியூஷன் ஆசிரியை, திண்டுக்கல்: நாலாவது விடை கிடைக்கவே இல்லைன்னா சார்?

பயிற்சித் தாளில் மூன்றோடு நிறுத்துங்கள். 40 பேர் எழுதிய தாளில் ஒருவரும் தொடாத நான்காவது விடை வெறும் இடத்தைத்தான் அடைக்கிறது.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்: ஒப்ப முடியாது. பொதுத்தேர்வில் நான்கு விடை வரும்போது மூன்றில் பழக்கினால் பிள்ளை தடுமாறும். நான்காவதாக "மேற்கண்ட அனைத்தும்" போடலாமே.

பழக்கம் பற்றி நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கடைசித் திருப்புதல் தாள்களை நான்கு விடைகளோடுதான் நானும் எழுதுகிறேன். "மேற்கண்ட அனைத்தும்" மட்டும் வேண்டாம் ஐயா. மதக் குறி, தாடி, தலைப்பாகை மூன்றையும் வரிசையாகப் போட்டு அதை நான்காவதாக வைத்தால், இரண்டு தெரிந்தாலே மாணவன் அதைத் தேர்ந்தெடுத்துவிடுவான். மூன்றாவது அவனுக்குத் தெரியுமா என்று உங்களுக்குத் தெரியாமலே போய்விடும்.