பால் இல்லாமல் கால்சியம்: கணக்கில் இருப்பதும் உடலில் சேர்வதும்

கேள்வி: பால் குடிப்பதில்லை. தினமும் பாலக்கீரை சாப்பிட்டால் கால்சியம் போதுமா?

போதாது. உணவில் இருக்கும் கால்சியம் வேறு, குடல் உறிஞ்சிக்கொள்வது வேறு. பாலக்கீரையில் ஆக்சலேட் என்ற பொருள் கால்சியத்தை இறுகப் பிடித்துக்கொள்வதால் ஏறத்தாழ 5 சதவீதம்தான் உடலில் சேரும். பாலில் இது சுமார் 30 சதவீதம். சம்பளச் சீட்டில் பெரிய தொகை, பிடித்தம் போகக் கைக்கு வருவது சொற்பம் என்பது போலத்தான்.

பெரியவர்களுக்கு நாளொன்றுக்குச் சுமார் 1000 மில்லிகிராம் தேவை. 50 கிராம் கேழ்வரகு மாவில் கிடைப்பது 175 அளவில்தான். அதனால் கேழ்வரகு தோசையோடு முருங்கைக்கீரைப் பொரியலும், கால்சியம் செறிவூட்டிய சோயாபால் ஒரு குவளையும் சேரட்டும். சோயாபாலை நன்றாகக் குலுக்கி ஊற்றுங்கள். கால்சியம் அடியில் தங்கிவிடும் (நானும் வெகுநாள் மேல்தண்ணீரைத்தான் குடித்தேன்).

எள்ளிலும் கால்சியம் உண்டு, ஆனால் தோல் நீக்கிய எள்ளும் நீக்காத எள்ளும் ஒன்றல்ல: கால்சியத்தின் பெரும்பகுதி தோலில் இருக்கிறது, அங்கே ஆக்சலேட்டும் உண்டு, ஆகவே தோலோடு கூடிய எள்ளும் துணை மட்டுமே.