பாராட்டில் பணத்தைப் பேசலாமா?

கேள்வி: நான் ஓய்வு பெற்ற அரசுப் பள்ளி ஆசிரியர். என்னிடம் படித்த பெண் என்.எம்.எம்.எஸ். உதவித்தொகைத் தேர்வில் வென்றிருக்கிறாள். "வறுமையிலும் சாதித்தாள், 48,000 ரூபாய் பெறுகிறாள்" என்று ஊர்க்காரர்கள் பார்க்கும்படி எழுதலாமா? செல்வமகள் கணக்கில் 5,000 ரூபாய் போட்டுக் கொடுக்கவும் ஆசை.

பதில்: எழுதுங்கள் ஐயா, வறுமை, தொகை இரண்டையும் விட்டுவிட்டு. பெற்றோர் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்தைத் தாண்டக்கூடாது என்பது தேர்வு எழுதுவதற்கான தகுதி மட்டும்தான். அந்த வரம்புக்குள் உள்ள எல்லாருடனும் போட்டியிட்டு, மதிப்பெண்ணால் இடம் பிடித்திருக்கிறாள். வறுமையைச் சொன்னால் அந்த வீட்டுக் கணக்கை ஊருக்கு விரித்ததாகிவிடும். இப்படி எழுதிப் பாருங்கள்: "இரண்டு தாள், 180 கேள்வி. கண்ணாடி பிம்பக் கணக்கை விடை வரும்வரை விடமாட்டாய், ஞாபகம் இருக்கிறது. மிகவும் மகிழ்ச்சி, அம்மா." வகுப்பில் நீங்கள் கண்ணால் பார்த்த ஒன்று அதில் இருந்தால் போதும்.

தொகையைச் சொன்னால் வேறு சிக்கல். 48,000 கையில் வந்துவிட்டதாக நினைத்து உறவுக்காரர்கள் கைமாற்று கேட்பார்கள். உண்மையில் அது ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000. மாதம் 1,000 என்பது பேச்சுக்குத்தான். விண்ணப்பம் சரிபார்த்து முடிந்த பிறகே மொத்தமாக வரும். ஒன்பதில் விண்ணப்பித்ததோடு முடியாது, அடுத்த மூன்று வருடமும் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் புதுப்பிக்க வேண்டும். அதோடு ஒன்பதிலும் பதினொன்றிலும் முதல் முயற்சியிலேயே தேர்ச்சி பெற வேண்டும், பத்தாம் வகுப்பில் 60 சதவீதம் எடுத்தாக வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு அந்த 60-இல் 5 சதவீதம் தளர்வு உண்டு. பத்தாம் வகுப்புத் தேர்வு மும்முரத்தில் பலரும் கோட்டைவிடுவது அந்த 60-ஐத்தான். இதை அவள் பெற்றோரிடம் தனியாகச் சொல்லுங்கள், உங்கள் பாராட்டைவிட அவர்களுக்கு அதுதான் உதவும்.

கூடவே வங்கிக் கணக்கையும் பார்க்கச் சொல்லுங்கள். பாஸ்புக் வாங்கும்போது ஆதார் நகல் கொடுத்துவிட்டோமே என்று இருந்துவிடுவார்கள். அரசுப் பணம் வர, அந்தக் கணக்கை ஆதாரோடு தனியாக இணைத்திருக்க வேண்டும். கிளையில் அதற்கென்று ஒரு படிவம் உண்டு. இணைந்துவிட்டதா என்பதை myAadhaar தளத்தில் Bank Seeding Status என்ற இடத்தில் பார்க்கலாம். இரண்டு கணக்கு இருந்தால் கடைசியாக இணைத்ததில்தான் பணம் விழும். "பணம் வரலை" என்று சொல்பவர்களில் சிலருக்கு, மறந்துபோன பழைய கணக்கில் அது கிடக்கும்.

செல்வமகள் கணக்கு நடக்காது: பத்து வயதுக்குள் தொடங்க வேண்டிய திட்டம் அது, இவளுக்கு வயது கடந்துவிட்டது. உங்கள் 5,000-ஐ அவள் பெயரிலுள்ள சேமிப்புக் கணக்கிலேயே போடுங்கள். ஜூனில் நோட்டு, சீருடை செலவு வரும்போது உதவித்தொகை வந்திருக்காது. அந்த நேரத்தில் கைகொடுக்கும். எதற்குச் செலவழித்தாள் என்று மட்டும் பிறகு கேட்காதீர்கள்.