சனி இரவு 10.30: புலம்பெயர் பார்வையாளர்களுக்கு எந்த மணி?

கேள்வி: யாழ்ப்பாணத்திலிருந்து வாரம் ஒரு பகுதியாகத் தொடர் போடுகிறோம். பார்ப்பவர்களில் பாதிக்கு மேல் கனடா, லண்டன், பிரான்ஸ், சுவிஸ், அவுஸ்திரேலியா. சனி இரவு 8 மணிக்கு விட்டால் கனடாக்காரர் “விடிஞ்சதும் போடுறியள்” என்கிறார்கள், சிட்னிக்காரர் நித்திரை. எத்தனை மணிக்கு விடுவது?

பதில்: எல்லாருக்கும் மாலையாக இருக்கும் மணி உலகத்தில் இல்லை. அதைத் தேடுவதை விட்டுவிடுங்கள். எல்லாருக்கும் விடுமுறை நாளுக்குள் கிடைக்கும் மணி இருக்கிறது. அது யாழ்ப்பாண நேரம் சனி இரவு 10.30.

கோடைக் காலத்தில் அந்த நேரம் லண்டனில் மாலை 6, பாரிசிலும் சூரிச்சிலும் 7, ரொறன்ரோவில் பகல் 1. பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளியால் கூட்டிவந்து, சாப்பிட்டுவிட்டு இருக்கும் நேரம். சிட்னியில் ஞாயிறு அதிகாலை 3 மணி. அவர்கள் விடிந்ததும் பார்ப்பார்கள், நம் ஊராரும் அப்படியே. இதையே ஞாயிறு இரவுக்கு மாற்றினால் சிட்னிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் திங்கட்கிழமை வேலைநாள் ஆகிவிடும். அதனால்தான் சனி.

சிட்னிக்காரருக்கு அதிகாலையில் வந்த அறிவிப்பு, விடியும்போது மற்ற அறிவிப்புகளுக்குக் கீழே போயிருக்கும். ஞாயிறு காலை 7.30க்கு அதே இணைப்பை உங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் மறுபடி போடுங்கள். அப்போது சிட்னியில் நண்பகல், ரொறன்ரோவில் சனி இரவு 10. பகலில் தவறவிட்ட கனடாக்காரருக்கும் அது போய்ச் சேரும்.

இனி, ஆண்டுக்கு இரண்டு முறை எல்லாரையும் விழுத்தும் இடம். இலங்கை கடிகாரத்தை மாற்றுவதில்லை. அவர்கள் மாற்றுகிறார்கள், அதுவும் ஒரே நாளில் அல்ல. கனடா மார்ச் 2ஆம் ஞாயிறு ஒரு மணி முன்னே தள்ளுகிறது, ஐரோப்பா மார்ச் கடைசி ஞாயிறுதான் தள்ளுகிறது. பின்னே இழுக்கும்போது ஐரோப்பா ஒக்ரோபர் கடைசி ஞாயிறு, கனடா நவம்பர் முதல் ஞாயிறு. எனவே மார்ச்சில் 2 அல்லது 3 வாரமும், ஒக்ரோபர் முடிவில் ஒரு வாரமும், லண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் இடையில் வழக்கமான 5 மணி வித்தியாசம் 4 ஆகிவிடும். இத்தனை நாடுகள் கூடிப் பேசி ஒரு நாளை ஒத்துக்கொள்ள முடியாதா என்று எரிச்சல் வரத்தான் செய்யும்.

செய்ய வேண்டியது, லண்டன் மாலை 6ஐ அடியாகப் பிடித்துக்கொள்வது. ஒக்ரோபர் கடைசி ஞாயிறிலிருந்து மார்ச் கடைசி ஞாயிறு வரை யாழ்ப்பாண நேரம் இரவு 11.30க்கு விடுங்கள். ரொறன்ரோவில் வழக்கம்போல பகல் 1தான். அந்த இடைவெளி வாரங்களில் மட்டும் 2. கவனம்: ஒக்ரோபர் நடுவிலேயே அடுத்த 6 பகுதிகளுக்கும் நேரம் குறித்து வைத்திருந்தால், அவை தாமாக நகராது. பழைய 10.30க்கே வெளியாகும், லண்டனில் 5 மணி. ஒவ்வொன்றாகத் திறந்து நீங்கள்தான் மாற்ற வேண்டும்.

யூரியூப் ஸ்டூடியோவில் Visibility என்ற இடத்தில் Schedule தெரிவுசெய்து நேரம் போடும்போது, அது எந்த ஊர் நேரம் என்று பாருங்கள். எடிற்றர் கனடாவில் இருந்து தன் கணினியில் 10.30 என்று போட்டால் அது அவருடைய 10.30 ஆகலாம். வீடியோவை வெள்ளியே ஏற்றிவிடுங்கள். யூரியூப் முதலில் தரம் குறைந்த பிரதியைத்தான் ஆயத்தமாக்கும். தெளிவான பிரதி பிறகு வரும். கடைசி நேரத்தில் ஏற்றினால் முதலில் பார்க்கிறவர்களுக்கு மங்கிய படம். முன்பே ஏற்றினால் சனி இரவு கரண்ட் போனாலும் கவலையில்லை.

போஸ்டரில் ‘கனடா நேரம்’, ‘EST’ என்றெல்லாம் எழுதாதீர்கள். கோடையில் ரொறன்ரோ இருப்பது EDTயில். ஊரின் பெயரைப் போட்டு மணியை எழுதுங்கள், அருகில் கிழமையையும் எழுதுங்கள். சிட்னிக்கு அது ஞாயிறு.

“கனடாப் பார்வை ஏற்றித் தருகிறோம், நல்ல நேரமும் நாங்களே பார்க்கிறோம்” என்று காசு கேட்டு வருவோரிடம் மிக அவதானமாக இருங்கள். ஸ்டூடியோவுக்குள் நுழையும் அனுமதியோ கடவுச்சொல்லோ கொடுக்கவே கூடாது. காசுக்கு வரும் பார்வைகள் உங்கள் ரசிகர்களுடையவை அல்ல. யூரியூப் அவற்றைக் கண்டுபிடித்தால் கழித்துவிடும், கண்டுபிடிக்காவிட்டால் எந்த நாட்டில் யார் பார்க்கிறார்கள் என்ற உங்கள் கணக்கே பொய்யாகிவிடும்.

அந்தக் கணக்கு Analytics பகுதியில் Audience என்பதற்குள் கிடைக்கும். உங்கள் ரசிகர்கள் யூரியூப்பில் இருக்கும் மணிகள் அங்கே ஊதாப் பட்டைகளாகத் தெரியும், ஆட்கள் கூடிய மணி கருமையாக இருக்கும். ஆனால் எல்லா நாட்டையும் ஒன்றாகக் கொட்டித்தான் காட்டுகிறது. யாழ்ப்பாண இரவு 9 மணியும், ரொறன்ரோ இரவு 9ஆகிய நமது காலை 6.30ம் இரண்டு தனிக் கருமைகளாக இருக்கக்கூடும். நடுவில் ஒரு மணியைத் தெரிவுசெய்தால் இரு பக்கமும் தவறும். நாடுவாரிப் பங்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவுஸ்திரேலியாப் பங்கு கனடாவை மிஞ்சினால் மட்டும் இந்தச் சனி இரவுக் கணக்கை மாற்ற வேண்டிவரும்.